சமமான எதிரெதிர் மின்னூட்டங்களின் தொலைதூர மின்னழுத்தம்: பன்முனை விரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின் இருமுனையைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப எழும் ஐயங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எல்லாப் பதில்களுக்கும் அமைப்பு ஒன்றுதான். +q மின்னூட்டம் z = +a என்ற இடத்திலும் −q மின்னூட்டம் z = −a என்ற இடத்திலும் இருக்கின்றன. ஆதிப்புள்ளி இரண்டுக்கும் நடுவில். மின்னழுத்தம் V காண வேண்டிய புள்ளியின் தொலைவு r ஆதியிலிருந்து அளக்கப்படுகிறது. θ என்பது +z அச்சோடு அந்தப் புள்ளியின் திசை ஆக்கும் கோணம். cosθ என்பதைச் சுருக்கி c என்று எழுதுகிறோம். k = 1/(4πε₀) = 8.99 × 10⁹ N·m²/C².

மொத்த மின்னூட்டம் பூஜ்யம்தானே? அப்போ தூரத்துல மின்னழுத்தமும் பூஜ்யமாத்தானே இருக்கணும்?

இரண்டு மின்னூட்டங்களும் ஒரே புள்ளியில் இருந்தால் அப்படித்தான். ஆனால் அவை 2a இடைவெளியில் இருக்கின்றன. +q-க்கு அருகான பக்கத்தில் நின்றால் அதன் தொலைவு r₊ சற்றுக் குறைவு, −q-வின் தொலைவு r₋ சற்று அதிகம். kq/r₊, kq/r₋ ஆகிய இரண்டும் ஏறக்குறைய சமம், ஆனால் முழுக்கச் சமமல்ல. மிஞ்சுவது அந்தச் சிறு வித்தியாசம்தான்.

மொத்த மின்னூட்டம் பூஜ்யம் என்பது ஒன்றை மட்டும் உறுதிப்படுத்துகிறது: 1/r என்று குறையும் உறுப்பு, அதாவது ஒருமுனை உறுப்பு, இருக்காது. அதைவிட வேகமாகக் குறையும் உறுப்புகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சரி, அந்த வித்தியாசம் 1/r² ஆகத்தான் குறையும்னு எப்படித் தெரியும்?

இதற்குத் தொடர் விரிவுகூடத் தேவையில்லை. கொசைன் விதிப்படி

r₊² = r² + a² − 2arc
r₋² = r² + a² + 2arc

இவற்றின் வித்தியாசம் r₋² − r₊² = 4arc. இப்போது 1/r₊ − 1/r₋ என்பதை (r₋ − r₊)/(r₊r₋) என்று எழுதி, மேலும் கீழும் (r₊ + r₋) ஆல் பெருக்குங்கள்:

V = kq · 4arc / [r₊ r₋ (r₊ + r₋)]

இதுவரை எதையும் தோராயப்படுத்தவில்லை. இது எல்லாத் தொலைவுக்கும் பொருந்தும் துல்லியமான விடை. தொலைவில் r₊, r₋ இரண்டுக்கும் பதிலாக r என்று போட்டால், கீழே 2r³ வருகிறது. மேலே ஒரு r இருக்கிறது. ஆக

V ≈ k · 2qa · c / r² = k p cosθ / r²,  p = 2qa

இந்த p-தான் இருமுனைத் திருப்புத்திறன். பின்னம் துல்லியமான வடிவில் இருக்கும்போதே இதைச் செய்வதுதான் முக்கியம். 1/r₊ − 1/r₋ என்ற நிலையிலேயே இரண்டுக்கும் r என்று போட்டவர்களுக்குப் பூஜ்யம்தான் கிடைக்கும். முதல் கேள்வியின் குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

இவ்வளவு சுலபமா விடை வந்துடுச்சே, பிறகு பன்முனை விரிவு எதுக்கு?

மேலே கிடைத்தது முதல் உறுப்பு மட்டும். அது எவ்வளவு தவறும், எந்தத் திசையில் தவறும் என்று அறிய அடுத்த உறுப்பு வேண்டும். லெஜண்டர் பல்லுறுப்புக்கோவைகளைக் கொண்டு, r > a என்றால்

1/r₊ = (1/r) [1 + (a/r)P₁ + (a/r)²P₂ + (a/r)³P₃ + …]

இங்கே P₁ = c, P₂ = (3c² − 1)/2, P₃ = (5c³ − 3c)/2. 1/r₋-க்கு a என்பதை −a ஆக்கினால் போதும். ஒற்றைப்படை உறுப்புகளின் குறி மட்டும் மாறும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரட்டைப்படை உறுப்புகள் ரத்தாகி, ஒற்றைப்படை உறுப்புகள் இரட்டிப்பாகின்றன:

V = (kp/r²) [P₁ + (a/r)² P₃ + (a/r)⁴ P₅ + …]

முதலில் இருமுனை, அடுத்தது நேராக எண்முனை. நடுவே வரவேண்டிய நான்முனை இல்லை. அடைப்புக்குறிக்குள் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைவிட (a/r)² மடங்கு சிறியது. கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இதுவே அடிப்படை.

பள்ளிப் புத்தகத்துல 2a, கல்லூரிப் புத்தகத்துல d. p-யோட அம்புக்குறி கெமிஸ்ட்ரியில வேற திசையில இருக்கு. எதை எடுக்கணும்?

d = 2a. ஆகவே p = qd = 2qa. திருத்த உறுப்பில் வரும் a² என்பதை d²/4 என்று மாற்ற வேண்டும். அந்த நான்கை விட்டுவிட்டால் பிழை மதிப்பீடு நான்கு மடங்காகிவிடும். இயற்பியலில் p வெக்டர் −q-விலிருந்து +q-வை நோக்கும். வேதியியல் நூல்கள் பலவற்றில் வாலில் கூட்டல் குறியிட்ட அம்பு, நேர் முனையிலிருந்து எதிர் முனையை நோக்கி வரையப்படுகிறது. எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் சாய்ந்துள்ளன என்று காட்டும் படம் அது. மேலுள்ள சூத்திரங்களில் அதை அப்படியே போட்டால் V-யின் குறி தலைகீழாகும்.

a² ரொம்பச் சின்னதுன்னு முதல்லயே விட்டுட்டு ஈருறுப்பு விரிவு போட்டேன். இருமுனை உறுப்பு சரியா வந்தது, அடுத்த உறுப்பு மட்டும் புத்தகத்தோட ஒத்துப்போகலை. ஏன்?

a²/r² சிறியதுதான். ஆனால் நீங்கள் தேடும் திருத்தமும் அதே அளவு சிறியது. ஆகவே அதை விட உங்களுக்கு உரிமையில்லை. ε = a²/r² − 2ac/r என்று வைத்து

(1 + ε)^(−1/2) = 1 − ε/2 + 3ε²/8 − 5ε³/16 + …

என்பதை விரித்து, (a/r)³ வரும் இடங்களை மட்டும் பொறுக்குங்கள். 3ε²/8-க்குள் இருக்கும் குறுக்குப் பெருக்கலிலிருந்து −(3/2)c வருகிறது. −5ε³/16-லிருந்து +(5/2)c³ வருகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் P₃. a²-ஐ முதலிலேயே விட்டால் குறுக்குப் பெருக்கல் இல்லாமல் போய் (5/2)c³ மட்டும் மிஞ்சும். அச்சுக்கோட்டில் திருத்தம் 1-க்குப் பதில் 2.5 என்று இரண்டரை மடங்காகத் தெரியும்.

சோதிக்க ஒரு வழி: c = 1 என்று போடுங்கள். எல்லா லெஜண்டர் பல்லுறுப்புக்கோவைகளின் மதிப்பும் அங்கே 1 ஆக வேண்டும். ஆகாவிட்டால் எங்கோ ஓர் உறுப்பு தவறிவிட்டது.

"தொலைவில்" "தொலைவில்"னு சொல்றாங்களே, எவ்வளவு தூரம்னா தொலைவு?

எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்பதைப் பொறுத்தது. அச்சுக்கோட்டில் இதைத் தோராயமின்றியே கணக்கிடலாம். அங்கே r₊ = r − a, r₋ = r + a; ஆகவே துல்லியமான விடை V = kp/(r² − a²). இருமுனைச் சூத்திரம் தருவது kp/r². துல்லியமான மதிப்போடு ஒப்பிட்டால் பற்றாக்குறை சரியாக a²/r².

r = 2a என்றால், அதாவது நடுவிலிருந்து இடைவெளி அளவே தள்ளி நின்றால், இருமுனைச் சூத்திரம் 25% குறைவாகக் காட்டும். r = 4a என்றால் 6.25%. r = 10a, அதாவது இடைவெளியைப் போல ஐந்து மடங்கு என்றால் 1%. r = 20a என்றால் 0.25%. "இடைவெளியைப் போல ஐந்து மடங்கு, ஒரு சதவீதம்" என்ற ஒரு சோடியை நினைவில் வைத்துக்கொண்டால், தொலைவு இரட்டிப்பானால் பிழை கால் பங்காகும் என்ற விதியால் மற்றவற்றை வருவித்துக்கொள்ளலாம்.

கிட்டத்தில் நிற்க நேர்ந்தால் அடுத்த உறுப்பைச் சேருங்கள். r = 2a-வில் எண்முனை உறுப்பைச் சேர்த்தால் பிழை 25%-லிருந்து 6.25% ஆகிறது, P₅ உறுப்பையும் சேர்த்தால் 1.6%-க்குக் கீழே போய்விடுகிறது.

இந்தப் பிழை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியா?

இல்லை, குறியே மாறுகிறது. P₃ = (5c³ − 3c)/2 என்பது c = √(3/5) ஆகும்போது, அதாவது θ ≈ 39.2° இல், பூஜ்யமாகிறது. அச்சுக்கும் இந்தக் கோணத்துக்கும் இடையே இருமுனைச் சூத்திரம் குறைவாகக் காட்டும். இதற்கு மேல் 90° வரை கூடுதலாகக் காட்டும். r = 10a-வில் θ = 60° என்றால் P₃/P₁ = −0.875, ஆகவே சூத்திரம் ஏறக்குறைய 0.9% கூடுதல். 39.2° திசையில் மட்டும் இருமுனைச் சூத்திரம் அதன் தகுதிக்கு மீறிய துல்லியத்தோடு பொருந்தும். ஒரே ஒரு கோணத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சூத்திரம் சரி என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இது நல்ல காரணம்.

ரெண்டுக்கும் நடுவே θ = 90° ஆகிற நடுவரைத்தளத்துல V = 0. அப்போ அங்க மின்புலமும் பூஜ்யமா?

இல்லை. V பூஜ்யமாக இருப்பது வேறு, V மாறாமல் இருப்பது வேறு. மின்புலம் என்பது V எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதன் அளவு. நடுவரைத்தளத்துக்குள்ளேயே நடந்தால் V மாறாது. தளத்தைக் கடந்து −q பக்கத்திலிருந்து +q பக்கத்துக்குப் போனால் எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறுகிறது. ஆகவே அங்கே புலம் தளத்துக்குச் செங்குத்தாக, p-க்கு எதிர்த்திசையில் இருக்கும். அளவு kp/r³.

பிழை எங்கே நேர்கிறது என்றால், θ = 90° என்று முதலில் போட்டு V = 0 ஆக்கிவிட்டுப் பிறகு வகையிடுகிறார்கள். முதலில் வகையிட வேண்டும்: E_r = 2kp cosθ/r³, E_θ = kp sinθ/r³. அதன் பிறகே கோணத்தைப் போட வேண்டும்.

புலத்துக்கான பிழையும் V-க்கானதைவிடச் சற்றுப் பெரியது என்பதைக் கவனியுங்கள். r = 10a-வில் அச்சுக்கோட்டுப் புலத்தை இருமுனைச் சூத்திரம் ஏறக்குறைய 2% குறைத்துக் காட்டும்; நடுவரைத்தளத்தில் 1.5% கூட்டிக் காட்டும். வகையிடும்போது வேகமாகக் குறையும் உறுப்புகள் கூடுதல் எடை பெறுவதே காரணம்.

ஆதிப்புள்ளியை −q மேல வெச்சுக் கணக்குப் போட்டேன். எனக்கு நான்முனை உறுப்பு வந்துச்சு! இங்கே இல்லைன்னு சொல்றீங்களே?

இரண்டுமே சரி. ஆதியை −q மேல் வைத்தால் 1/r₋ என்பது வெறும் 1/r. விரிய வேண்டியது 1/r₊ மட்டும். அப்போது இரட்டைப்படை உறுப்புகளை ரத்தாக்க எதிரில் யாரும் இல்லை:

V = kq [2aP₁/r² + (2a)²P₂/r³ + (2a)³P₃/r⁴ + …]

இங்கே r, θ இரண்டும் −q-விலிருந்து அளக்கப்படுபவை. p மாறவில்லை, ஏனெனில் மொத்த மின்னூட்டம் பூஜ்யம் என்றால் இருமுனைத் திருப்புத்திறன் ஆதியைப் பொறுத்து மாறாது. முதலில் பூஜ்யமாகாத உறுப்பின் கெழு மட்டுமே இப்படி நிலையானது. அதற்கு மேற்பட்டவை ஆதியை நகர்த்தினால் மாறும். நான்முனைத் திருப்புத்திறன் இந்தச் சோடிக்கு "இருக்கிறதா, இல்லையா" என்று கேட்பதைவிட, "எந்த ஆதியைப் பொறுத்து" என்று கேட்க வேண்டும்.

விலை என்ன என்பதை ஒரே புள்ளியை இரண்டு விதமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அச்சில் நடுவிலிருந்து 10a தூரத்தில், kq/a-வை அலகாகக் கொண்டால், துல்லியமான V = 2/99 = 0.02020. நடுவை ஆதியாகக் கொண்டால் முதல் உறுப்பு மட்டும் 0.02000 தருகிறது. −q-வை ஆதியாகக் கொண்டால் அதே புள்ளி 11a தூரத்தில் இருக்கிறது; முதல் உறுப்பு 2/121 = 0.01653, பிழை 18%. நான்முனையைச் சேர்த்தால் 0.01953. எண்முனையையும் சேர்த்த பிறகே 0.02008 ஆகி, நடு ஆதி ஒரே உறுப்பில் தந்த துல்லியத்தைத் தாண்டுகிறது. ஆதியை நடுவில் வைப்பது அழகுக்காக அல்ல. இரண்டு உறுப்புகளின் உழைப்பை அது மிச்சப்படுத்துகிறது.

மின்னூட்டங்களுக்கு நடுவுலேயே, r < a இருக்கிற இடத்துல இதே தொடரைப் போடலாமா?

போட முடியாது. அங்கே a/r ஒன்றைவிடப் பெரியது. உறுப்புகளைச் சேர்க்கச் சேர்க்கத் தொகை எங்கோ ஓடும். a-வும் r-உம் இடம் மாறிய உட்புறத் தொடர் அங்கே வேண்டும்: V = (2kq/a)[(r/a)P₁ + (r/a)³P₃ + …]. r ஏறக்குறைய a-வுக்குச் சமம் என்றால் இரண்டு தொடர்களும் மிக மெதுவாகவே குவியும். இரண்டே மின்னூட்டங்கள்தானே, துல்லியமான சூத்திரத்தையே போட்டுவிடுங்கள்.

கணினியில நேரடியா 1/r₊ − 1/r₋ போட்டா, தூரம் அதிகமாக அதிகமாக விடை ஆடுது. தொடரைத்தான் பயன்படுத்தணுமா?

ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் ரத்தாகி, கடைசி இலக்கங்களின் முழுமையாக்கல் பிழை மேலே வந்துவிடுகிறது. r = 10⁸a என்றால் ஏறக்குறைய 8 இலக்கங்கள் தொலையும்; இரட்டைத் துல்லியத்தின் 16 இலக்கங்களில் பாதிதான் மிஞ்சும். ஒற்றைத் துல்லியத்தில் இருப்பதே 7 இலக்கம் என்பதால் அங்கே எதுவுமே மிஞ்சாது.

தொடர் தேவையில்லை. இரண்டாம் கேள்வியில் வந்த துல்லியமான வடிவத்தில் அந்தக் கழித்தல் ஏற்கெனவே காகிதத்தில் செய்யப்பட்டுவிட்டது:

```python
from math import sqrt

def V(r, c, a=1.0):   # kq = 1
    rp = sqrt(r*r + a*a - 2*a*r*c)
    rm = sqrt(r*r + a*a + 2*a*r*c)
    return 4*a*r*c / (rp * rm * (rp + rm))
```

V(10, 1) என்று கூப்பிட்டால் 0.020202… வரவேண்டும், ஆதிப்புள்ளி பற்றிய பதிலில் வந்த 2/99 அது. மின்னூட்டங்களை மிக நெருங்கும்போது மட்டும் rp, rm-க்குள் இருக்கும் கழித்தல் தொல்லை தரும். தொலைவில் எந்தச் சிக்கலும் இல்லை.

நிஜ மூலக்கூறு ஒண்ணுக்கு எண் போட்டுக் காட்ட முடியுமா?

ஹைட்ரஜன் குளோரைடை எடுத்துக்கொள்வோம். அதன் இருமுனைத் திருப்புத்திறன் 1.11 டிபை. ஒரு டிபை 3.336 × 10⁻³⁰ C·m; ஆகவே p = 3.70 × 10⁻³⁰ C·m. பிணைப்பு நீளம் 127 pm. இதை 2a என்று கொண்டால் q = p/2a = 2.91 × 10⁻²⁰ C, அதாவது ஓர் எலக்ட்ரான் மின்னூட்டத்தில் 0.18 பங்கு. முழு எலக்ட்ரானும் குளோரினுக்குப் போகவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

வெற்றிடத்தில், ஹைட்ரஜன் பக்க அச்சில் 1 nm தூரத்தில் V = kp/r² = 0.033 V. a = 63.5 pm என்பதால் a²/r² = 0.004, சோடி மாதிரியில் இருமுனைத் தோராயத்தின் பிழை 0.4% மட்டுமே. அங்கே ஒற்றை நேர் அயனியை வைத்தால் ஆற்றல் 33 meV. 25 °C இல் வெப்ப ஆற்றல் k_BT 25.7 meV; இங்கே k_B போல்ட்ஸ்மான் மாறிலி, மேலே வந்த k அல்ல. இரண்டும் ஒரே அளவில் இருப்பதால், வெப்ப அசைவு மூலக்கூறைத் தொடர்ந்து புரட்டிக்கொண்டேயிருக்கும். 0.3 nm-க்கு வந்தால் V 0.37 V ஆகிறது, a²/r² 4.5%.

ஆனால் அந்த 4.5%-ஐ எண்முனை உறுப்பால் திருத்திவிட்டு நிஜ மூலக்கூறுக்கே விடை கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். நம் சோடியில் நான்முனை ரத்தானதற்குக் காரணம் இரண்டு பக்கங்களும் அச்சொட்டாக எதிரெதிராக இருப்பது. HCl-இல் பெரிய குளோரினும் சிறிய ஹைட்ரஜனும் அப்படி இல்லை. அதற்குப் பிணைப்பின் நடுவைப் பொறுத்தும் நான்முனை உண்டு, அது 1/r³ ஆகக் குறைவதால் தொலைவிலிருந்து நெருங்கும்போது எண்முனைக்கு முன்பே தலைகாட்டும். சோடி மாதிரி p-யைச் சரியாகத் தரும். மேல் உறுப்புகளுக்கு அதை நம்ப முடியாது.

ரெண்டு மின்னூட்டமும் சரியாச் சமமா இல்லாம, ஒரு சதவீதம் முன்னே பின்னே இருந்தா என்ன ஆகும்?

தொலைவில் எல்லாமே மாறும். +1.00 nC, −0.99 nC இரண்டும் 2 cm இடைவெளியில் உள்ளன என்று வைப்போம். மிச்ச மின்னூட்டம் 0.01 nC; நடுவைப் பொறுத்து p = 1.99 × 10⁻¹¹ C·m. அச்சில் 20 cm-இல் இருமுனை உறுப்பு 4.5 V, ஒருமுனை உறுப்பு 0.45 V, பத்தில் ஒரு பங்கு. 2 m-இல் இரண்டும் 0.045 V என்று சமமாகின்றன. 20 m-இல் ஒருமுனைதான் பத்து மடங்கு பெரியது. ஒரு சதவீதப் பிசகுக்கே, பத்து சதவீதப் பிழையைப் பொறுத்துக்கொண்டாலும், அச்சில் இருமுனைச் சூத்திரம் செல்லும் பகுதி ஏறக்குறைய 3 cm-க்கும் 20 cm-க்கும் இடையே சிக்கிக்கொள்கிறது: உள்ளே எண்முனை கெடுக்கிறது, வெளியே ஒருமுனை கெடுக்கிறது. மொத்தம் பூஜ்யமல்ல என்பதால் p-யும் இனி ஆதியைப் பொறுத்து மாறும்.

இதைக் கண்டுபிடிக்க V = 0 ஆகும் பரப்பைப் பாருங்கள். சமமான சோடிக்கு அது முடிவில்லாத நடுவரைத்தளம். சமமில்லாதபோது அது சிறிய மின்னூட்டத்தைச் சூழ்ந்த ஒரு கோளமாக மூடிக்கொள்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அந்தக் கோளம் நடுவை ஒட்டி z = −0.005 cm-இல் தொடங்கி z = −199 cm வரை விரிகிறது. கிட்டத்தில் அதன் மேற்பரப்பு தளம் போலவே தட்டையாகத் தெரியும். ஆகவே நடுவுக்கு அருகே V = 0 என்று அளந்துவிட்டு மின்னூட்டங்கள் சமம் என்று சொல்ல முடியாது. நடுவரைத்தளத்தில் வெளிப்பக்கமாக நகர்ந்து அளக்க வேண்டும். 50 cm-இல் அங்கே இருமுனை உறுப்பு பூஜ்யம் என்பதால், வாசிக்கும் 0.18 V முழுவதும் மிச்ச மின்னூட்டத்தின் பங்கே. அதை r/k ஆல் பெருக்கினால் அந்த 0.01 nC நேராகக் கிடைத்துவிடும்.